அறுபது பெண்கள் போதும்

"அக்கா, எனக்கு 24 வயது. ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் அம்மாவோடு இருந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். ஒரு வருஷமாக முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாரம் மூன்று, நான்கு பதிவு போடுகிறேன். 1,200 பேர் பின்தொடர்கிறார்கள். 'அழகு', 'சூப்பர்' என்று எழுதுகிறார்கள். ஆனால் மாதம் ஐந்து ரவிக்கைகூட வருவதில்லை. வருகிறவர்களும் சொந்தக்காரர்கள்தான். விலையைக் குறைக்கலாமா, காசு கொடுத்து விளம்பரம் போடலாமா என்று யோசிக்கிறேன். அம்மா துணிக்கடை வேலைக்குப் போகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?"
- வாசகி, ஜெலுத்தோங், பினாங்கு

தங்கச்சி, விலையைக் குறைக்க வேண்டாம். விளம்பரத்துக்கும் இப்போது காசு கொடுக்க வேண்டாம். ஏன் என்று சொல்வதற்கு, என்னிடம் தையல் படித்த ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறேன். பிறையில் ஒரு தாமான் வீட்டில் இருக்கிறாள். படித்து முடித்தபோது அவளுக்கும் உங்கள் வயதுதான். பெயர் போடாமல் எழுதுங்கள் என்று சம்மதம் சொல்லியிருக்கிறாள்.

தொடங்கிய புதிதில் அவள் போட்ட படங்கள் எதுவும் அவள் தைத்தவை அல்ல. இணையத்தில் கிடைத்த ஆரி வேலைப்பாடு ரவிக்கைகளை எடுத்துப் போட்டு, "இதுபோல் தைத்துத் தரப்படும்" என்று எழுதினாள். விருப்பக்குறிகள் குவிந்தன. ஒரு நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மா அந்தப் படத்தைக் கைத்தொலைபேசியில் காட்டி, "இதே மாதிரி என் மகளுக்கு வேணும்" என்று வந்து நின்றார். இவளுக்கு ஆரி ஊசி பிடிக்கத் தெரியாது. வேறு ஆளிடம் கொடுத்து வாங்கித் தருகிறேன் என்றாள். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். தையல்காரி போடும் படம் ஒரு வாக்கு. அதைப் பார்த்துத்தான் ஒருவர் தன் பட்டுத் துணியை நம் கையில் கொடுக்கிறார். அன்றைக்கே அந்தப் படங்களை எல்லாம் எடுத்துவிட்டாள்.

இரண்டாவது தவறுதான் பெரியது. நீங்கள் இப்போது செய்ய நினைப்பதும் அதுதான். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, "லைனிங் வைத்த ரவிக்கை 30 வெள்ளி மட்டும்" என்று போட்டாள். அவள் வழக்கமாக வாங்குவது 65 வெள்ளி. பதிவு பல குழுக்களுக்குப் பரவி, நான்கே நாளில் 31 ரவிக்கைகள் வந்து குவிந்தன. பார்க்கப் போனால் வெற்றி. ஆனால் கணக்கைப் பாருங்கள். லைனிங் வைத்த ஒரு ரவிக்கைக்கு வெட்டுவதிலிருந்து கொக்கி கட்டி இஸ்திரி போடும் வரை அவளுக்கு நான்கு மணி நேரம் ஆகும். சமையலும் வீட்டு வேலையும் போக, நாளைக்கு ஆறு மணி நேரம், வாரம் ஐந்து நாள் உட்கார்ந்தால் 30 மணி நேரம். ஏழு ரவிக்கை வரும் என்று தோன்றும். பழுது பார்க்கும் வேலைக்கு ஒரு ரவிக்கையின் நேரத்தை ஒதுக்கினால் ஆறு. மூன்று வாரத்துக்குப் 18. வந்ததோ 31.

அந்த மூன்று வாரமும் இரவு இரண்டு மணி வரை மெஷினில் உட்கார்ந்தாள். லைனிங்கை ஊற வைக்க நேரமில்லை என்று அப்படியே வெட்டினாள். பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும். மேல்துணி சுருங்காது. அப்போது ரவிக்கையின் முன்பக்கம் கொக்கிப் பட்டியை ஒட்டிச் சுருக்கம் சுருக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். தீபாவளி முடிந்து துவைத்த பிறகு இப்படி ஐந்து ரவிக்கைகள் திரும்பி வந்தன. இரண்டு பேருக்குத் தீபாவளிக்கு மறுநாள்தான் ரவிக்கை போய்ச் சேர்ந்தது. அந்த வீடுகளில் அன்று காலை என்ன நடந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கே வயிற்றைப் பிசைகிறது.

பணமாகவும் பார்ப்போம். லைனிங், நூல், கொக்கி எல்லாம் சேர்த்து ஒரு ரவிக்கைக்கு அவளுக்கு ஒன்பது வெள்ளி செலவு. 65 வெள்ளி வாங்கினால் 56 கையில் நிற்கும், மணிக்கு 14 வெள்ளி. 30 வாங்கினால் 21 நிற்கும், மணிக்கு ஐந்தேகால். சலுகையைப் பார்த்து வந்தவர்களில் ஒருவர்கூட மறு வருஷம் 65 கொடுத்துத் தைக்க வரவில்லை. விலைக்காக வந்தவர்கள், அடுத்த வருஷம் அதைவிடக் குறைவாக யார் போட்டார்களோ அங்கே போனார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம் காட்டியது விலையை மட்டும்தானே.

மூன்றாவது தவறில் காசு போகவில்லை, மனம் நொந்தது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு முகூர்த்த ரவிக்கை தைத்தாள். உண்மையிலேயே நல்ல வேலை. முடித்த சந்தோஷத்தில் அன்றிரவே படம் எடுத்துப் போட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. மாப்பிள்ளை வீட்டில் யாரோ பார்த்து, பெண்ணுக்கே அனுப்பி, "இதுதானே உன்னுது?" என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண் அழுதுகொண்டே அழைத்தாள். பதிவை எடுத்தாயிற்று, மன்னிப்பும் கேட்டாயிற்று. ஆனால் அவள் பின்னால் வந்திருக்க வேண்டிய தங்கைகள், தோழிகள் யாரும் வரவில்லை. அன்றிலிருந்து இவளிடம் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கையாளரின் ரவிக்கையைக் கேட்காமல் போடுவதில்லை. விசேஷத்துக்குத் தைத்தது என்றால், விசேஷம் முடிந்து அவர்களே போட்டோ அனுப்பி, "போட்டுக்கோ" என்று சொன்ன பிறகுதான்.

இதற்கு அப்புறம் இரண்டு மாதம் அவள் எதையுமே போடவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு சனிக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்திருந்தார். அம்மாவுக்கு மகளே தைத்துக் கொடுத்த ரவிக்கை. என் வீட்டுச் சாமி மேடையில் பூ வைக்க அவர் கையைத் தூக்கியபோது ரவிக்கை முழுவதும் மேலே ஏறி, முதுகுப்பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு இடைவெளி தெரிந்தது. அவர் சட்டென்று இடக்கையால் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டார். அதைச் செய்கிறோம் என்ற நினைவே அவருக்கு இல்லை. பல வருஷப் பழக்கம்.

"கை தூக்க முடியலைன்னு அம்மா சொல்றாங்க, ரெண்டு தரம் லூஸ் பண்ணிக் கொடுத்துட்டேன், சரியாகலை" என்றாள் இவள். இதைத்தான் நிறுத்தி விளக்கினேன். உங்களுக்கும் விளக்குகிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயம்தான் பிறகு அவள் தொழிலையே நிலைநிறுத்தியது.

கை தூக்க முடியவில்லை என்றால் இறுக்கம் என்று நினைத்துப் பக்கவாட்டைப் பிரித்து விடுகிறோம். பல நேரம் காரணம் அதுவல்ல. கைக்குழி இறங்கிப்போயிருப்பதுதான். குழியின் அடி, அக்குள் மடிப்புக்கு அரை இன்ச்சிலிருந்து ஒரு இன்ச்சுக்குள் கீழே இருக்க வேண்டும். இரண்டு இன்ச், இரண்டரை இன்ச் கீழே போய்விட்டால், ரவிக்கையின் கை அக்குளுக்குக் கீழே அந்தத் தூரம் முழுவதும் ரவிக்கையின் உடம்போடு ஒட்டிவிடுகிறது. கை மேலே போனால் உடம்புத் துணியையும் தூக்கிக்கொண்டுதான் போகும். இடுப்பை எவ்வளவு தளர்த்தினாலும் இது தீராது. தளர்த்தத் தளர்த்த இன்னும் சுலபமாக ஏறும், அவ்வளவுதான். குழியை மேலே ஏற்றி வெட்டினால் கை தனியாக அசையும், ரவிக்கை இடத்தில் நிற்கும். கேட்டால் தலைகீழாகத் தெரியும். வெட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், இதுதான் சரி.

இது யாருக்கு அதிகம் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் கைக்குழி ஆழத்தை மார்புச் சுற்றளவை வைத்துக் கணக்குப் போடுகிறோம். மார்பு 34, 36 உள்ளவர்களுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் ஒத்துவரும். 42, 44 என்று போகும்போது கணக்கு குழியையும் ஆழமாக்கிக்கொண்டே போகிறது. ஆனால் மனிதருக்கு மார்பு பெருக்கும் அளவுக்குத் தோளிலிருந்து அக்குள் வரை உள்ள தூரம் கூடுவதில்லை. அதனால் நாற்பது வயதைத் தாண்டி, கொஞ்சம் உடம்பு வைத்த நம் அம்மாக்கள், அத்தைகள்தான் இந்தச் சிரமத்தை அதிகம் சுமக்கிறார்கள். தைப்பூசத்தில் கூட்டத்தில் கையைத் தூக்கிக் கும்பிடும்போதும், பேருந்தில் கம்பியைப் பிடிக்கும்போதும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அது தங்கள் உடம்பின் குற்றம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். வெட்டியவரின் கணக்குக் குற்றம் அது.

அவள் அம்மாவுக்குப் புது ரவிக்கை ஒன்று குழி ஏற்றி வெட்டினாள். போட்டுப் பார்த்து அம்மா சமையலறை மேல் தட்டிலிருந்து பிஸ்கட் டின்னை எடுத்தார். ரவிக்கை அசையவில்லை. அதை அப்படியே படமெடுக்கச் சொன்னேன். கழுத்துக்குக் கீழே, முதுகுப்பக்கமிருந்து. முதலில் பழைய ரவிக்கையில் டின்னை எடுப்பது, பிறகு புதியதில் அதே டின்னை எடுப்பது. மொத்தம் 18 வினாடி. பாட்டு இல்லை. "கை தூக்கினால் ரவிக்கை ஏறுகிறதா? இறுக்கம் காரணமல்ல, கைக்குழி இறங்கியிருக்கிறது" என்று இரண்டு வரி. அதற்குக் கீழே விலை: 65 வெள்ளி, லைனிங்கோடு.

விலையைப் போட்டதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்களைப் போன்ற பலர் "விலைக்கு பிஎம் பண்ணுங்க" என்று எழுதுவதைப் பார்க்கிறேன். நம் நாட்டில் இணையத்தில் விற்பவர் விலையை வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்பது சட்டம். அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விலை தெரியாமல் உள்பெட்டிக்கு வர நம் பெண்கள் கூச்சப்படுவார்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொல்வது எப்படி என்ற கூச்சம். பேசாமல் "அழகு" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். உங்களுக்கு வரும் "அழகு"களில் பாதி இதுவாக இருக்கலாம்.

அந்தப் பதிவுக்கு அவள் பழைய படங்களைவிட விருப்பக்குறி குறைவுதான். ஆனால் அடியில் வந்தவை வேறு. "எனக்கும் இப்படித்தான்", "இருபது வருஷமா இதோட இருக்கேன்", "தச்சவங்ககிட்ட சொன்னா, நீங்க குண்டாயிட்டீங்கன்னு சொல்றாங்க". அந்த வாரம் 17 பேர் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள். பிறை, புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஆறு பேர். மற்றவர்கள் கிள்ளான், ஈப்போ, ஜோகூர். பதிவு வேலை செய்கிறதா என்று இதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ரவிக்கையைப் பற்றிப் பேசுகிறார்களா, தங்களைப் பற்றிப் பேசுகிறார்களா? தங்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவர்கள் தைக்க வருவார்கள்.

17 பேரில் அவள் நான்கு பேரைத்தான் எடுத்தாள். மற்றவர்களுக்கு எந்த வாரம் இடம் இருக்கும் என்று தேதியோடு பதில் போட்டாள். நேரில் பார்க்காதவர்களுக்கு முதல் தடவை ஒரே ஒரு ரவிக்கைதான் என்றும் முடிவு செய்துகொண்டாள். ஐந்து துணி அனுப்புகிறேன் என்றாலும் ஒன்றை மட்டும் வாங்குவாள், அதுவும் பட்டு வேண்டாம், பருத்தியில். அது சரியாக அமைந்த பிறகு மற்றவை. ஒன்று தப்பினால் ஒரு துணியோடு போகும்.

கிள்ளானிலிருந்து வந்த முதல் ஆளின் வேலையை முழுதாகச் சொல்கிறேன். அவரிடம் டேப் பிடித்து அளவெடுத்து அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. வீட்டில் எடுக்கும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். உள்ளதில் ஓரளவு நன்றாகப் பொருந்தும் அளவு ரவிக்கை ஒன்றை அனுப்பச் சொன்னாள், இழுபடும் துணியாக இல்லாமல். அனுப்புவதற்கு முன் அதைப் போட்டுக்கொண்டு, கையைத் தொங்கவிட்டு நின்று, அக்குள் மடிப்பு எந்த இடத்தில் வருகிறதோ அதற்கு நேராக ரவிக்கையின் மேல் ஒரு சின்னப் பிளாஸ்டர் துண்டை ஒட்டச் சொன்னாள். பிறகு மூன்று கேள்வி: எங்கே இறுக்குகிறது, எங்கே தொளதொளக்கிறது, உள்ளே என்ன போடுவீர்கள். போட்டோ கேட்கவில்லை. முன்பின் தெரியாதவரிடம் உடம்புப் படம் கேட்பது சரியில்லை என்றாள். எனக்கு அது பிடித்திருந்தது.

ரவிக்கை வந்தது. மேசையில் விரித்து அளந்தால் மார்பு குறுக்கே பத்தொன்பதரை, சுற்றுக்கு 39. பிளாஸ்டர் துண்டு குழியின் அடியிலிருந்து ஒன்றேமுக்கால் இன்ச் மேலே ஒட்டியிருந்தது. அதாவது குழி அந்த அளவு இறங்கியிருக்கிறது. அவள் ஒரு இன்ச் ஏற்றி வெட்டினாள், முக்கால் இன்ச் இடைவெளி விட்டாள். லைனிங் முதல் நாள் இரவே வாளித் தண்ணீரில் ஊறி, காய்ந்து, இஸ்திரி போட்டுத் தயாராக இருந்தது. பக்கத் தையலில் ஒரு இன்ச் மார்ஜின் உள்ளே விட்டாள்.

போய்ச் சேர்ந்தது. அந்த அம்மா அழைத்தார்: "கை நல்லா தூக்க வருது, ரவிக்கை ஏறலை. ஆனா மேல் கை பிடிக்குது." எங்கே தவறு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். குழியை ஏற்றினால் குழியின் சுற்றளவு குறைகிறது. பழைய கை அந்தச் சுற்றளவுக்குள் உட்கார வேண்டும் என்று அவள் கையின் அகலத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டாள். குறைக்க வேண்டியது கையின் மேல் வளைவின் உயரத்தை. மேல் கைச் சுற்றளவு அவளிடம் இல்லவே இல்லை, கேட்க மறந்த அளவு அது. கைத் தையலிலும் மார்ஜின் விட்டிருந்ததால் பிரித்துக் கொடுக்க முடிந்தது. அஞ்சல் செலவு இரு வழிக்கும் அவளே ஏற்றாள்.

இதையும் ஒரு பதிவாகப் போட்டாள், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு, ஊரும் பேரும் சொல்லாமல். ரவிக்கையை உள்பக்கம் வெளியே திருப்பி மேசையில் வைத்து, பழைய தையல் கோடும் புதிய தையல் கோடும் தெரியும்படி ஒரு படம். "குழியை ஏற்றினேன், கை இறுகியது. நான் மேல் கை அளவு கேட்காமல் விட்டது தப்பு. இனி கேட்பேன். மார்ஜின் இருந்ததால் சரி செய்ய முடிந்தது." எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, தவறைச் சொல்லிக்கொள்கிறாளே என்று. ஆனால் அதைப் பார்த்து வந்தவர்கள்தான் இன்று வரை நிலைத்தவர்கள். தப்பினால் இவள் திருப்பி வாங்கிக்கொள்வாள் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. முகம் தெரியாத தையல்காரியிடம் துணி அனுப்புகிறவரின் பயம் அது ஒன்றுதான்.

இதில் முடியாததும் உண்டு, அதையும் அவள் எழுதியே வைத்திருக்கிறாள். ஏற்கனவே தைத்த ரவிக்கையில் குழியை ஏற்ற முடியுமா என்று பலர் கேட்பார்கள். வெட்டிப்போன துணி திரும்ப வராது. தோள் தையலில் அரை இன்ச் பிடித்தால் குழி அரை இன்ச் ஏறும். கூடவே கழுத்தும் ஏறும், ரவிக்கையின் உயரமும் அரை இன்ச் குறையும், கையைக் கழற்றி மறுபடி ஏற்ற வேண்டும். அரை இன்ச்சுக்கு மேல் அப்படிச் செய்தால் கழுத்து வடிவம் கெட்டுவிடும். அக்குளில் சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைப்பது இன்னொரு வழி. கை அசையும், ஆனால் கை தூக்கினால் துண்டு தெரியும். மீதித் துணி இருந்தால்தான் அதுவும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவதால் அவளிடம் சண்டை வருவதில்லை.

அப்புறம் அவளுடைய பதிவுகள் எல்லாம் இந்த வழியிலேயே போயின. வாரத்துக்கு இரண்டுதான். ஒரு வாரம், தோள் ஏன் வழிகிறது: முன்கழுத்து, பின்கழுத்து இரண்டையும் ஆழமாகவும் அகலமாகவும் வெட்டினால் தோளில் பிடிமானம் இருக்காது, பின்பக்கம் இறக்கம் வேண்டுமென்றால் கழுத்தின் அகலத்தை இரு பக்கமும் அரை இன்ச் குறைக்க வேண்டும். இன்னொரு வாரம், வாளியில் ஊறும் லைனிங் துண்டுகளின் படம், பக்கத்திலேயே ஊற வைக்காமல் தைத்துத் துவைத்த ஒன்று. சன்னலோரம், காலை வெளிச்சத்தில் எடுத்தவை. முன்பு இரவில் விளக்கடியில் எடுத்த படங்களில் அரக்கு நிறம் பழுப்பாகத் தெரிந்ததால் அதை விட்டுவிட்டாள்.

இப்போது உங்கள் 1,200 பேருக்கு வருகிறேன். வாரத்துக்கு ஆறு ரவிக்கை, வருஷத்தில் 50 வாரம் உட்கார்ந்தால் 300. ஒரு பெண் பொங்கல், தைப்பூசம், ஒரு கல்யாணம், தீபாவளி என்று வருஷத்துக்கு ஐந்து ரவிக்கை தைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 300-ஐ ஐந்தால் வகுத்தால் 60. அறுபது பெண்கள் திரும்பத் திரும்ப வந்தால் உங்கள் இரண்டு கைக்கும் வேலை நிறைந்துவிடும். அவளிடம் இப்போது 58 பேர் இருக்கிறார்கள். அங்கு வந்து சேர இரண்டு வருஷம் பிடித்தது. அதனால்தான் விளம்பரம் வேண்டாம் என்கிறேன். விளம்பரம் ஆயிரம் பேரைக் கூட்டி வரும். உங்களால் வாரம் ஆறு பேருக்குத்தான் பதில் சொல்ல முடியும். மற்றவர்கள் காத்திருந்து கசந்துபோவார்கள்.

அந்த 58 பேருக்கும் ஆளுக்கு ஓர் அட்டை வைத்திருக்கிறாள். அளவுகள், பிளாஸ்டர் ஒட்டிய இடத்தின் தூரம், மேல் கைச் சுற்று, சென்ற முறை என்ன மாற்றச் சொன்னார், எந்தப் பதிவைப் பார்த்து முதலில் வந்தார். கடைசிக் கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதியதால்தான் எந்தப் பதிவு உதவுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. 58-இல் 23 பேர் அந்தப் பிஸ்கட் டின் வீடியோவைப் பார்த்து வந்தவர்கள். இரண்டாவது தடவை துணி அனுப்புகிறவர் அளவு ரவிக்கை அனுப்ப வேண்டியதில்லை. இது அவர்களுக்குப் பெரிய வசதி, வேறு ஆளிடம் போகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது உடம்பு மாறியிருக்கிறதா என்று கேட்டுவிடுவாள்.

தீபாவளியை அவள் இப்போது நடத்தும் விதம் உங்களுக்கு உதவும். 2026-இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. அவள் கணக்கில் ஆகஸ்ட் 31, திங்களிலிருந்து அக்டோபர் 25 வரை எட்டு வாரம். வாரத்துக்கு ஆறு என்றால் 48 இடம். கடைசி இரண்டு வாரத்தில் புதுத் துணி வெட்டுவதில்லை, திருத்தம் மட்டும். 48 இடத்தையும் முதலில் பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அறிவிப்பாள். ஒரு சின்ன விஷயம்: ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போய்ச் சேரும். முதல் ரவிக்கையோடு வைத்து அனுப்பும் துண்டுச் சீட்டில் "எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுங்கள். ஒரு வாரம் கழித்து மீதி இடம் இருந்தால்தான் முகநூலில் போடுவாள். சென்ற முறை மீதி இருந்தது நான்கு.

உங்கள் அம்மா சொல்வதையும் நான் தள்ளிவிடவில்லை. 65 வெள்ளி ரவிக்கை வாரம் ஆறு தைத்தால் செலவு போக மாதம் 1,400 வெள்ளி அளவில்தான் நிற்கும், பழுது வேலையில் கொஞ்சம் சேரும். அது வாரம் 30 மணி நேரத்துக்கு. குறைந்தபட்சச் சம்பளமே இப்போது மாதம் 1,700. பிறைப் பெண் இரண்டாம் வருஷம் புது வாடிக்கையாளருக்கு விலையை 80 ஆக்கினாள், ஒருவரும் விலகவில்லை. ஆனால் அந்த முதல் வருஷத்தில் அவள் காலையில் ஒரு நர்சரியில் அரைநேர வேலைக்குப் போனாள். நீங்களும் துணிக்கடையில் அரைநேர வேலை கிடைத்தால் போங்கள். அங்கே நிற்கும்போது சேலை எடுக்க வரும் பெண்கள் ரவிக்கையைப் பற்றி என்ன புலம்புகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டு, வீட்டுக்கு வந்து அவர்கள் சொன்ன அதே வார்த்தையில் எழுதி வையுங்கள். அடுத்த பதிவின் முதல் வரி அதில் இருக்கும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். சொந்தக்காரர்கள் என்று சொன்னீர்களே, அவர்களில் உடம்பு கொஞ்சம் வைத்த ஓர் அத்தையை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். நீங்கள் தைத்துக் கொடுத்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு மேல் தட்டிலிருந்து ஏதாவது எடுக்கச் சொல்லுங்கள். பின்னால் நின்று பாருங்கள். ஏறினால் குழியின் அடிக்கும் அக்குள் மடிப்புக்கும் எவ்வளவு தூரம் என்று அளந்து எனக்கு எழுதுங்கள், மேல் கைச் சுற்றையும் சேர்த்து. வெட்டுவதற்கு முன் கணக்கை நானும் ஒரு தரம் பார்த்துச் சொல்கிறேன்.